“எல்லாரும் ஒருமுறை பார்த்துடுங்க” என்று மின்னஞ்சல் அனுப்பாதீர்கள்

மாவட்ட அளவில் நடக்கும் சி.எம்.இ. என்ற தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில் நான்கு மருத்துவர்கள் சேர்ந்து ஒரே தலைப்பில் ஒரு மணி நேரம் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தலைப்பு பாம்புக்கடி என்றால், கேட்க வருபவர்களில் பாதிப் பேர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவுப் பணி பார்ப்பவர்கள். திரையில் பார்த்த எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு போய், அடுத்த வாரம் அதன்படியே மருந்து ஏற்றுவார்கள். ஆகவே இந்த நால்வரும் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசாமல் இருப்பது மேடை நாகரிகம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல.

இப்படிப்பட்ட அமர்வுகளை ஒருங்கிணைக்கும் வேலை பொது மருத்துவத் துறையில் இருக்கும் எனக்கு அடிக்கடி வந்து சேர்கிறது. என் அனுபவத்தில் அமர்வு உருப்படுவதும் சொதப்புவதும் ஒருங்கிணைப்பாளர் அனுப்பும் முதல் மின்னஞ்சலிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். வழக்கமாக அது இப்படி இருக்கும்: “வணக்கம், ஸ்லைடுகளைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், எல்லாரும் ஒருமுறை பார்த்துவிடலாம், வசதியான நேரத்தில் ஒரு ரிஹர்சல் வைத்துக்கொள்வோம்.” நான்கு பேரும் கட்டைவிரல் உயர்த்துவார்கள். அப்புறம் முந்தைய நாள் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் கோப்புகள் வந்து விழும். எல்லாரும் பார்க்க வேண்டியதை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

அண்மையில் ஒரு பாம்புக்கடி அமர்வுக்காக நான் அனுப்பிய மின்னஞ்சலை, பெயர்களை எடுத்துவிட்டு, கீழே தருகிறேன். அமர்வு நவம்பர் 22, சனிக்கிழமை. அமைப்பாளர்கள் ஸ்லைடு கேட்ட கடைசி நாள் 19, புதன்.

*பொருள்: பாம்புக்கடி அமர்வு, நவ. 22. திங்கள் (3-ஆம் தேதி) மதியத்துக்குள் பதில் தேவை*

*சார், மேடம், டாக்டர், வணக்கம்.*

*நமக்கு மொத்தம் 60 நிமிடம். கேள்விகளுக்கு 10, அறிமுகத்துக்கும் ஆள் மாறுவதற்கும் 4 போனால் பேச 46 இருக்கிறது. அதில் 44-ஐத்தான் பிரிக்கிறேன். முதலுதவியும் அனுப்பி வைத்தலும் (ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்) 9. கேஷுவாலிட்டி மதிப்பீடும் ரத்த உறைதல் சோதனையும் (கேஷுவாலிட்டி மேடம்) 11. விஷமுறிவு மருந்து (நான்) 13. மூச்சுத் தசை செயலிழப்பும் வென்டிலேட்டரும் (மயக்கவியல் சார்) 11.*

*5, புதன் இரவு 8.45: அரை மணி நேர ஆன்லைன் சந்திப்பு. ஸ்லைடு வேண்டாம். அவரவர் பகுதியின் முதல் வரியும் கடைசி வரியும் போதும்.*
*9, ஞாயிறு இரவுக்குள்: ஸ்லைடு வரைவு என் மின்னஞ்சலுக்கு. முழுமையாக இல்லாவிட்டாலும் இருப்பதை அனுப்புங்கள்.*
*12, புதன் இரவுக்குள்: சரிபார்ப்பவரின் குறிப்பு.*
*15, சனி மாலை 4: முழு ஒத்திகை, கடிகாரத்தோடு.*
*17, திங்கள்: கடைசித் திருத்தம். அதன் பிறகு கோப்பை நான் மட்டும் திறப்பேன்.*

*யார் யாருடையதைப் பார்ப்பது: 1-ஐ மேடம், 2-ஐ நான், 3-ஐ சார், 4-ஐ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். மூன்றே கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும். (அ) உங்கள் ஸ்லைடோடு மோதும் எண் ஏதாவது இருக்கிறதா? (ஆ) நீங்களும் சொல்லப்போகிற விஷயம் எது? (இ) ஒரு நிமிடம் குறைக்கச் சொன்னால் எந்த ஸ்லைடை எடுப்பீர்கள்?*

*திங்கள் மதியத்துக்குள் மாற்றம் சொல்லாவிட்டால் இந்தத் தேதிகளையே உறுதி என்று எடுத்துக்கொள்கிறேன்.*

இதில் தேதிகள் பின்னாலிருந்து எண்ணப்பட்டவை. 19-ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கோப்பை மூடிவிட வேண்டும், ஏனென்றால் நால்வரில் ஒருவருக்காவது அந்த வாரம் டூட்டி மாறும். ஒத்திகைக்கும் கோப்பு மூடுவதற்கும் நடுவில் ஒரு ஞாயிறு வேண்டும். திருத்துகிறவருக்கு நேரம் கிடைப்பது அன்றைக்குத்தான். ஒத்திகைக்கு முன் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒத்திகை முழுக்க ஸ்லைடில் உள்ள பிழையைப் பேசியே தீர்ந்துவிடும். பேச்சைக் கேட்க நேரம் இருக்காது. இரவு 8.45 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு: மாலையில் சொந்த கிளினிக் பார்ப்பவர்கள் அதற்கு முன் வர மாட்டார்கள்.

“உங்களுக்கு எப்போது வசதி?” என்று நான் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் நான்கு பேரும் நான்கு பதில் சொல்லி, பதினைந்து மின்னஞ்சலுக்குப் பிறகும் தேதி முடிவாகாது. ஒரு தேதியை வைத்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்பதே வேலைக்கு ஆகிறது. அந்த முறை சார் மட்டும் 15-ஆம் தேதி காலை அறுவை சிகிச்சை இருப்பதாக எழுதினார். மாலை 4 என்று போட்டிருந்ததால் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சரி, யார் யாரைச் சரிபார்ப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, நீ என்னுடையதைப் பார், நான் உன்னுடையதைப் பார்க்கிறேன் என்று விட்டால் அது மரியாதைப் பரிமாற்றமாக முடிந்துவிடும். “நன்றாக இருக்கிறது சார்”, “உங்களுடையதும் நன்றாக இருக்கிறது மேடம்.” எனவே சுற்றாக வைக்கிறேன். அடுத்துப் பேசுகிறவர்தான் முந்தைய பகுதியைப் பார்ப்பார். முந்தையவர் விட்ட இடத்திலிருந்துதான் அவர் தொடங்க வேண்டும் என்பதால், ஓட்டை இருந்தால் முதலில் அவருக்குத்தான் உறுத்தும். கடைசிப் பகுதியை முதல் ஆள் பார்ப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. வென்டிலேட்டர் பகுதியை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் படித்துப் புரியவில்லை என்றால், அரங்கில் பாதிப் பேருக்குப் புரியப்போவதில்லை.

ஆனால் எங்கள் துறையில் ஒரு சிக்கல் உண்டு. அந்த இளம் மருத்துவர், தனக்குப் பாடம் எடுத்த வயதில் இருக்கும் மயக்கவியல் பேராசிரியரின் ஸ்லைடில் குறை சொல்ல வேண்டும். “கருத்துச் சொல்லுங்கள்” என்று கேட்டால் சொல்லவே மாட்டார். மூன்றாவது கேள்வியை வைத்தது அதற்காகத்தான். எந்த ஸ்லைடை எடுப்பீர்கள் என்று எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டுவிட்டால், பதில் சொல்வது கடமையாகிவிடுகிறது, அதில் அதிகப்பிரசங்கித்தனம் எதுவும் இல்லை. அவர் எழுதிய பதில் இது: “சார், வென்டிலேட்டர் செட்டிங்ஸ் ஸ்லைடை எடுக்கலாம். எங்களிடம் வென்டிலேட்டர் இல்லை. வழியில் ஆம்புலன்சில் ஆம்பு பேக் எப்படி அழுத்துவது என்று ஒரு படம் இருந்தால் உதவும்.” சார் மறுபேச்சில்லாமல் மாற்றினார்.

எண்கள் மோதுவதைப் பற்றிய முதல் கேள்விதான் அதிகம் பிடித்துக்கொடுக்கும். விஷமுறிவு மருந்தின் தொடக்க அளவு மேடத்தின் ஸ்லைடில் 10 வயல் என்றும் என் ஸ்லைடில் 8 முதல் 10 என்றும் இருந்தது. இரண்டுமே வழிகாட்டிகளில் இருப்பவைதான். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பிழை சொல்ல மாட்டார்கள். அடுத்தடுத்துக் கேட்பவர்தான் குழம்புவார். எந்த வழிகாட்டியைப் பின்பற்றுகிறோம் என்று முடிவு செய்து இரண்டு இடத்திலும் ஒரே வரியைப் போட்டோம். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அளவு ஒன்றுதான் என்ற வரியை என் பகுதியில் மட்டும் வைத்தோம்.

20 நிமிட ரத்த உறைதல் சோதனையில் வேறு மாதிரி. மருந்து ஏற்றிய பின் 6 மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அடிக்கடி செய்ய வேண்டும் என்று மேடம் எழுதியிருந்தார். அவர் சொன்னது முதல் சோதனையில் ரத்தம் உறைந்துவிட்ட, இன்னும் மருந்து தொடங்காத நோயாளியைப் பற்றி. இரண்டும் சரி, ஆனால் யாருக்கு எது என்று ஸ்லைடில் இல்லை. “மருந்துக்கு முன்”, “மருந்துக்குப் பின்” என்ற இரண்டு சொல் சேர்த்ததும் தீர்ந்தது. அதே ஸ்லைடில் இருந்த புகைப்படத்தில் ரத்தம் பிளாஸ்டிக் குழாயில் இருந்தது. அந்தச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். பிளாஸ்டிக்கில் உறைதல் சரியாகத் தூண்டப்படாது, விஷமே ஏறாத ஆளுக்கும் ரத்தம் உறையவில்லை என்று காட்டிவிடலாம். எழுத்தில் “கண்ணாடி” என்று சரியாகவே இருந்தது. படத்தைப் பார்த்துப் போகிறவர் எழுத்தைப் படித்திருக்க மாட்டார்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே விஷயம் அகப்பட்டது. 2024 நவம்பரில் தமிழகத்தில் பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்க்கப்பட்டது. முதல் இரண்டு பகுதியிலும் அதற்கு ஒரு ஸ்லைடு இருந்தது. ஒன்றை எடுத்ததில் ஒரு நிமிடம் மிச்சம்.

மூன்று கேள்விகளிலும் அடங்காத ஒன்றை இப்போது நானே பார்த்துக்கொள்கிறேன்: நோயாளியின் அடையாளம். கடிவாய்ப் படத்தின் ஓரத்தில் முகம், கேஸ் ஷீட்டில் பெயர், ஸ்கேன் மூலையில் ஐ.பி. எண். பலர் படத்தை பவர்பாயின்டில் வெட்டிவிட்டால் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருக்கும், கோப்பை வாங்கியவர் ஒரு சொடுக்கில் மீட்டுவிடலாம். படத்தைத் தேர்ந்தெடுத்து `Compress Pictures` போய் `Delete cropped areas of pictures` என்பதைக் குறியிட்டால்தான் அது உண்மையில் நீங்கும். எல்லாக் கோப்பையும் ஒருவரே சேர்த்தால், அங்கேயே `Apply only to this picture` என்பதன் குறியை எடுத்துவிட்டு, இதைக் கடைசியில் ஒரே தடவையாகச் செய்துவிடலாம்.

முழு ஒத்திகையில் ஒரே விதி: நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது. திருத்தம் தோன்றினால் குறித்துவைத்து, நால்வரும் முடித்த பிறகு சொல்லலாம். நிறுத்தி நிறுத்திப் பேசினால் யார் எத்தனை நிமிடம் எடுத்தார் என்பதே தெரியாது. நேரம் குறிப்பவர் அப்போது பேசாத ஒருவர். 13 நிமிடம் எனக்கு 16 ஆனது, நேரம் குறித்த மேடம் கூச்சமில்லாமல் சொன்னார். மருந்து ஒவ்வாமை பற்றிய மூன்று ஸ்லைடுகளை ஒன்றாக்கினேன்.

ஞாயிறு இரவு வரைவு வராவிட்டால்? திட்டியோ கெஞ்சியோ நான் மின்னஞ்சல் போடுவதில்லை. திங்கள் காலை, சரிபார்ப்பவருக்கும் அவருக்கும் சேர்த்து ஒரு வரி: “பகுதி 1 இன்னும் வரவில்லை. மேடம், உங்கள் மூன்று நாள், கோப்பு வந்ததிலிருந்து தொடங்கும்.” அதாவது தாமதம் செய்தவரின் திருத்த நேரம்தான் குறையும், மற்றவருடையது குறையாது. இதைப் பார்த்ததும் பெரும்பாலும் அன்று மாலைக்குள் கோப்பு வந்துவிடும். இரண்டே பேர் பேசும் அமர்வுக்கு இத்தனையும் தேவைப்படாது, ஒரு போன் போதும்.