0, 4, 2, 6, 1, 5, 3, 7: எஃப்.எஃப்.டி. ஏன் வரிசையைக் கலைக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “எஃப்.எஃப்.டி. நிரல் எழுதினால் முதல் வேலையே உள்ளீட்டை 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்று மாற்றி அடுக்குவதுதான். எண்ணின் பிட்டுகளைத் திருப்பிப் போட்டால் இந்த வரிசை வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஏன் திருப்ப வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.” நியாயமான புகார். நானும் பல வருடம் அந்த வரியை மந்திரம் மாதிரி எழுதிவிட்டுக் கடந்து போனவன்தான்.

எஃப்.எஃப்.டி. என்பது ஃபூரியர் உருமாற்றத்தைச் சீக்கிரமாகப் போட்டு முடிக்கும் வழி. அந்த உருமாற்றம் என்ன செய்கிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடுவோம். எட்டு மதிப்புகள் இருக்கின்றன, `x[0]` முதல் `x[7]` வரை. அவற்றிலிருந்து எட்டு விடைகள் வேண்டும், `X[0]` முதல் `X[7]` வரை. ஒவ்வொரு விடைக்கும் எட்டு உள்ளீடுகளையும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குச் சுழற்றி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒரு தடவை சுழற்றுவது என்றால் 45 பாகை, கடிகார முள் போகும் திசையில். `X[k]`-க்காக `x[n]`-ஐ `n × k` தடவை சுழற்ற வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். நேரடியாகப் போட்டால் 64 பெருக்கல். இரண்டிரண்டாகச் சேர்த்துப் போகும் எஃப்.எஃப்.டி.யில் மூன்று கட்டம், கட்டத்துக்கு நான்கு ஜோடி, ஆக 12 ஜோடி வேலையில் முடிந்துவிடும். இந்த ஜோடி வேலைக்குப் பட்டர்ஃப்ளை என்று பெயர்: இரண்டு எண் உள்ளே போகும், ஒன்றைச் சுழற்றி ஒரு முறை கூட்டி, ஒரு முறை கழித்தால் இரண்டு எண் வெளியே வரும்.

பாடப்புத்தக விளக்கம் இப்படிப் போகும்: இரட்டைப்படை இடத்தில் இருப்பவற்றை ஒரு பக்கம் ஒதுக்கு, ஒற்றைப்படையை இன்னொரு பக்கம். 0 2 4 6, 1 3 5 7. ஒவ்வொரு பாதியையும் மறுபடி அதே மாதிரி பிரி: 0 4, 2 6, 1 5, 3 7. வந்துவிட்டது அந்த வரிசை. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இரட்டை, ஒற்றை என்று ஏன் பிரிக்க வேண்டும், முன்பாதி பின்பாதி என்று பிரித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டால் விளக்கம் வாயடைத்துப் போகும். உண்மையான காரணம் அந்தச் சுழற்சிக்குள்ளேயே இருக்கிறது.

எட்டுத் தடவை 45 பாகை சுழற்றினால் முள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். அதாவது `n × k`-இல் எட்டின் மடங்குகள் எல்லாம் செல்லாக்காசு. இதை மனதில் வைத்துக்கொண்டு `n`-ஐ மூன்று பிட்டாக உடையுங்கள்: `n = 4·n2 + 2·n1 + n0`. அதே மாதிரி `k = 4·k2 + 2·k1 + k0`. இப்போது ஒவ்வொரு உள்ளீட்டுப் பிட்டும் விடையைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொண்டால் போதும் என்று பாருங்கள்.

`n2`-இன் எடை 4. அதனால் வரும் சுழற்சி `4k` தடவை, அதாவது 180 பாகையின் `k` மடங்கு. அரைச் சுற்று அடிப்பவனுக்கு `k` இரட்டையா ஒற்றையா என்பது மட்டும் தெரிந்தால் போதும், 2 என்றாலும் 6 என்றாலும் அவன் பார்வையில் ஒன்றுதான். ஆக `n2`-க்குத் தேவை `k0` மட்டும். அடுத்து `n1`. அதன் எடை 2, சுழற்சி 90 பாகையின் `k` மடங்கு, நான்கு தடவையில் ஒரு முழுச் சுற்று. இதற்கு `k1`, `k0` இரண்டும் வேண்டும். கடைசியாக `n0`. எடை 1, சுழற்சி 45 பாகையின் `k` மடங்கு. `k`-இன் மூன்று பிட்டும் தெரியாமல் இது ஒரு அடி நகராது.

இங்கேதான் எனக்குப் புல்லரிக்கும். உள்ளீட்டின் மிகப் பெரிய பிட், விடையின் மிகச் சிறிய பிட்டோடு மட்டும் பேசுகிறது. உள்ளீட்டின் மிகச் சிறிய பிட்தான், விடையின் மிகப் பெரிய பிட்டோடு பேசும் ஒரே ஆள். பெரிய அடி எடுத்து வைப்பவன் சீக்கிரம் வட்டத்தைச் சுற்றி வந்துவிடுவதால் அவனுக்கு விவரம் குறைவாகப் போதும், சின்ன அடி வைப்பவனுக்கு எல்லா விவரமும் வேண்டும். திருப்பிப் போடும் வேலை நிரலில் நாம் சேர்த்த தந்திரம் இல்லை, வட்டத்தில் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

சரி, இதிலிருந்து கணக்கின் ஒழுங்கு தானாக வருகிறது. `n2`-க்குக் குறைந்த விவரம் போதும் என்பதால் அதை முதலில் கூட்டி முடிக்கலாம்: `n2`-இல் மட்டும் வேறுபடும் ஜோடிகளை (0-உம் 4-உம், 1-உம் 5-உம், இப்படி) எடுத்து, `k0 = 0` என்றால் கூட்டல், `k0 = 1` என்றால் கழித்தல். கூட்டி முடித்ததும் `n2` என்ற பிட் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும், அதற்குப் பதில் `k0` என்ற புதுப் பிட் பிறந்திருக்கும். இரண்டாம் கட்டத்தில் `n1` போய் `k1` வரும். மூன்றாம் கட்டத்தில் `n0` போய் `k2` வரும்.

இப்போது நினைவகத்துக்கு வருவோம். பட்டர்ஃப்ளையின் அழகு, உள்ளே போன இரண்டு எண் இருந்த அதே இரண்டு இடத்தில் வெளியே வரும் இரண்டு எண்ணையும் எழுதிவிடலாம் என்பது, கூடுதல் இடம் வேண்டாம். அப்படி எழுதினால் முகவரியில் `n2` உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் `k0` வந்து உட்காரும். உள்ளீட்டை இயல்பான வரிசையில் வைத்திருந்தால் முகவரியின் மூன்று நாற்காலிகளில் இடமிருந்து வலமாக `n2 n1 n0` இருக்கும். மூன்று கட்டமும் முடிந்த பின் அதே நாற்காலிகளில் `k0 k1 k2` இருக்கும். அதாவது விடை தலைகீழ் வரிசையில் கிடக்கும். விடை நேராக, `k2 k1 k0` என்று வேண்டுமா? அப்படியானால் தொடக்கத்திலேயே `n0 n1 n2` என்று உட்கார வைக்க வேண்டும். அதுதான் உள்ளீட்டைக் கலைக்கும் அந்த முதல் வேலை. 3 என்பது 011, திருப்பினால் 110, ஆக `x[3]` ஆறாம் இடத்துக்குப் போகிறது.

ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிடலாம். `x[n] = n` என்று வைத்துக்கொள்வோம், எந்த எண் எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியும். கீழே வரும் `j` என்பது −1-இன் வர்க்கமூலம்.

```
கலைத்த பின் :  0      4      2      6      1      5      3      7
கட்டம் 1    :  4     -4      8     -4      6     -4     10     -4
கட்டம் 2    : 12  -4+4j     -4  -4-4j     16  -4+4j     -4  -4-4j
```

முதல் கட்டத்தில் அடுத்தடுத்த ஜோடிகள்: 0+4, 0−4, அப்புறம் 2+8 இல்லை, 2+6, 2−6 (நான் எப்போதும் இங்கே ஒரு தடவை தடுமாறுவேன், முதல் கட்டத்தில் பழைய வரியை மட்டும் பார்க்க வேண்டும்). மூன்றாம் கட்டத்தில் நான்கு இடம் தள்ளியிருப்பவை ஜோடி சேரும். `X[0]` = 12+16 = 28, `X[4]` = 12−16 = −4. `X[1]`-க்கு, `-4+4j`-ஐ 45 பாகை சுழற்றினால் சுமார் `5.66j`, அதை முன்பாதியின் `-4+4j`-உடன் கூட்டினால் `-4+9.66j`, கழித்தால் அது `X[5]`, `-4-1.66j`. எட்டு விடையும் 0 முதல் 7 வரை ஒழுங்காக அதனதன் இடத்தில் வந்து நிற்கும்.

இதில் நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. கலைக்கும் வேலையை இடமாற்றமாக எழுதுவோம்:

```
for i in range(8):
    j = rev(i)
    if i < j:
        a[i], a[j] = a[j], a[i]
```

அந்த `if i < j` எதற்கு என்று யோசிக்காமல் விட்டுவிட்டேன். `i` ஒன்றாக இருக்கும்போது 1-உம் 4-உம் இடம் மாறும், `i` நான்காக ஆனதும் அவை இரண்டும் மறுபடி பழைய இடத்துக்கே போய்விடும். மொத்தத்தில் கலைக்கவே இல்லை. கொடுமை என்னவென்றால் நான் வைத்த சோதனை எல்லாம் தேறியது. எல்லா மதிப்பும் 1 என்று கொடுத்தேன், சரியான விடை: ஒரே மதிப்பை எப்படிக் கலைத்தாலும் ஒன்றுதானே. `x[0]` மட்டும் 1, மற்றது 0 என்று கொடுத்தேன், அதுவும் சரி: 000-ஐத் திருப்பினாலும் 000. மொத்த ஆற்றல் பொருந்துகிறதா என்று பார்த்தேன், பொருந்தியது. இரண்டு நாள் வீணாய்ப் போனது.

சோதிக்க வேண்டியது `x[1]` மட்டும் 1 என்ற உள்ளீட்டை. சரியான நிரலில் விடைகள் ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து 45 பாகை திரும்பியிருக்கும். கலைக்க மறந்த நிரலில் 1, −1, 1, −1 என்று வரும், ஏனென்றால் அது அந்த ஒன்றை `x[4]` என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மேலே போட்ட 0 முதல் 7 வரையிலான கணக்கிலும் கண்டுபிடித்துவிடலாம்: `X[0]` 28 என்று சரியாகவே வரும், ஆனால் `X[4]` −4-க்குப் பதில் −16 என்று நிற்கும். 0, 2, 5, 7 நான்கும் இருமத்தில் முன்பின்னாகப் படித்தாலும் ஒன்றுதான், அவை அசையவே அசையாது, அந்த இடங்களில் மட்டும் மதிப்பு வைத்துச் சோதித்தால் எதுவும் மாட்டாது.

இந்த முறையை 1965-இல் கூலியும் டியூக்கியும் வெளியிட்டார்கள். அதே சாரத்தை காஸ் 1805 வாக்கில், சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடும்போது, லத்தீனில் எழுதி வைத்திருந்தார். அது அச்சானது 1866-இல், அவர் இறந்த பிறகு. அப்போதும் கவனித்தவர் குறைவு. ‘இதனால் என்ன பயன்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் ஆராய்ச்சிக்குக் காசு தர மறுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த லத்தீன் கட்டுரை நினைவுக்கு வரும். சிறுகோளுக்காகப் போட்ட கணக்கை அந்தக் கட்டத்தில் என்னவென்று நிரப்புவது?

கலைப்பதைத் தவிர்க்கவே முடியாதா என்றும் அதே வாசகர் கேட்டிருந்தார். முடியும். இன்னொரு வரிசை இடம் செலவழிக்கத் தயாராக இருந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் விடையை வேறு இடத்தில் எழுதி, நாற்காலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகலாம், ஸ்டாக்ஹாம் முறை அதுதான். பெரிய உள்ளீடுகளுக்கு இது பல நேரம் லாபம், ஏனென்றால் பிட் திருப்பிய வரிசை நினைவகத்தில் அங்கும் இங்கும் தாவும், கேஷுக்குத் தாவல் பிடிக்காது. இன்னொரு வழி எனக்கு இன்னும் பிடிக்கும். இரண்டு உருமாற்றத்தைப் பெருக்கி, பெருக்கியதைப் பழையபடி மீட்பதுதான் வேலை என்றால், உள்ளீட்டை நேராகக் கொடுத்து விடையைத் தலைகீழாகவே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கலைந்திருக்கும், ஆகவே இடத்துக்கு இடம் பெருக்கிவிடலாம். அப்புறம், தலைகீழாக வாங்கி நேராகத் தரும் வகையில் மீட்டுருமாற்றத்தை எழுதினால் போதும். `rev` என்ற சொல்லே நிரலில் வராது.