நீர்க்கடுப்பு தணிந்த பிறகு வரும் குளிர்க்காய்ச்சல்

வேலூர் வெயிலில் சிறுநீர் போகும்போது எரிந்தால், எங்கள் பக்கத்தில் முதலில் சொல்வது உடம்புச் சூடு என்றுதான். இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம் என்று வீட்டு வைத்தியம் தொடங்கிவிடும். தண்ணீர் போதாமல் சிறுநீர் அடர்ந்து எரிவது உண்மையிலேயே உண்டு. அது நன்றாகத் தண்ணீர் குடித்தால் அன்றே அடங்கிவிடும். ஆனால் போய்விட்டு வந்ததும் மறுபடி போகத் தோன்றுகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது, அடிவயிறு கடுக்கிறது, சிறுநீர் கலங்கி நாறுகிறது என்றால் சிறுநீர்ப்பையில் கிருமி இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேல்தோல் தைக்கும் 34 வயதுப் பெண் ஒருவர் கோடையில் என்னிடம் வந்தார். வேலை நடுவே எழுந்து போக முடியாது என்பதால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். முட்டிக்கொண்டு வந்தாலும் அடக்கிவைப்பார். எரிச்சல் தொடங்கியதும் மருந்துக் கடையில் ஒரு சிரப்பும் நான்கு மாத்திரைகளும் வாங்கியிருக்கிறார். இரண்டாம் நாளே எரிச்சல் தணிந்துவிட்டது. ஐந்தாம் நாள் இரவு பல் கிட்டும் குளிர்; இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. டெங்குவோ மலேரியாவோ என்று வீட்டில் பயந்துபோய் அழைத்து வந்தார்கள். "எரிச்சல்தான் அன்றைக்கே போய்விட்டதே டாக்டர், இது வேறு காய்ச்சல்" என்றார் உடன் வந்த மாமியார்.

எரிச்சல் போனதே தவிர, கிருமி போகவில்லை. அந்தச் சிரப் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலை ஆற்றும், கிருமியைக் கொல்லாது. அரைகுறையாகச் சாப்பிட்ட மாத்திரையும் வேலையை முடிக்கவில்லை.

பெரும்பாலும் இதற்குக் காரணம் நம் குடலிலேயே வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்தான்; ஆசனவாய்க்கு அருகில் இருக்கிறது. அதனால் கிருமி எளிதாகப் பைக்குள் நுழைகிறது. அங்கிருந்து சிறுநீரகத்துக்குப் போக 25 செ.மீ. அளவுள்ள இன்னொரு குழாயில், மேலிருந்து இறங்கும் சிறுநீரை எதிர்த்து ஏற வேண்டும். இந்தக் கிருமியின் உடலில் மயிரிழை போன்ற நுண்ணிழைகள் உண்டு. அவற்றால் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்வதால் சிறுநீர் அதை அடித்துப் போவதில்லை. கல் அடைத்திருந்தாலும், கர்ப்பத்தில் குழாய் தளர்ந்திருந்தாலும், பிராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் தேங்கி நின்றாலும் கிருமிக்கு வழி இன்னும் சுலபம்.

பைக்குள் மட்டும் தொற்று இருக்கும்வரை பொதுவாகக் காய்ச்சல் வராது. சிறுநீரகத்தின் கதை வேறு. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதன் வழியாக ஓடுகிறது. அங்கே சேர்ந்த கிருமி ரத்தத்தில் கலக்க அதிக நேரம் ஆகாது. குளிர் உடம்பைத் தூக்கிப் போடுவது அதனால்தான். வீங்கிய சிறுநீரகம் தன் உறையை இழுப்பதால் விலா எலும்புக்குக் கீழே, முதுகுப்புறம், ஒரு பக்கமாக வலி நிற்கிறது. கல் வலி சுருட்டிச் சுருட்டி வந்து போகும். இது விடாமல் வலிக்கும்.

அந்தப் பெண்ணுக்கு 103 டிகிரி காய்ச்சல். சளியும் இல்லை, இருமலும் இல்லை. வலப்பக்கம் கடைசி விலா முதுகெலும்போடு சேரும் இடத்தில் என் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் முஷ்டியால் லேசாகத் தட்டியதும் துள்ளிவிட்டார். இடப்பக்கம் தட்டியபோது ஒன்றுமில்லை. ஊசி போடும் முன்பே, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினோம். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரியாமல் போய்விடும். வாந்தி இருந்ததால் மாத்திரை நிற்காது என்று படுக்கவைத்து நரம்பு வழியாக மருந்து கொடுத்தோம். இரண்டு நாளில் வந்த முடிவு, அவர் கடையில் வாங்கிய மாத்திரைக்கு அந்தக் கிருமி அசையவே இல்லை என்று காட்டியது.

சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் அன்றே இறங்காது; இரண்டு மூன்று நாள் பிடிக்கும். 72 மணி நேரம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் கல்லோ சீழ்க்கட்டியோ உள்ளே இருக்கலாம் என்று ஸ்கேனில் தேடியாக வேண்டும். இவருக்கு மூன்றாம் நாள் இறங்கியது. மீதி நாட்களுக்கு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினோம்.

பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவோரைப் பார்த்தால் எனக்கு மிகுந்த கவலை வருகிறது. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நல்ல மருந்து. ஆனால் அது சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. போன முறை கேட்ட மாத்திரை குளிர்க்காய்ச்சல் வந்த பிறகு கேட்காமல் போகலாம். முதுகு வலிக்கென்று டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்வது ஏற்கனவே நொந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

நீர்க்கடுப்பைத் தொடர்ந்து குளிரும் விலாப்புற வலியும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கடுப்பு இருந்தது என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், வாந்தி நிற்காதவர்கள், சிறுநீர் குறைந்துபோனவர்கள், பேச்சு தடுமாறுகிறவர்கள் விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவிலேயே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.