தாய்மாமாவின் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

நெல்லை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா கல்யாணத்துக்குத் தாய்மாமாவால் வர முடியவில்லை, சவுதியில் லீவு தரவில்லை. அவர் அனுப்பிய படத்தை வெட்டிக் குடும்பப் படத்தில் சேர்த்தோம். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஒட்டவைத்த மாதிரியே இருக்கிறதே, ஏன்?"

இரண்டு படங்களையும் பார்த்தேன். உயரம் பொருந்துகிறது. வெளிச்சம் வேறு பக்கமிருந்து விழுகிறது, ஆனால் அதை யாரும் அவ்வளவாகக் கவனிக்க மாட்டார்கள். காட்டிக்கொடுப்பது வேறு. மாமா வெயில்பட்ட வெள்ளைச் சுவரின் முன் நிற்கிறார். மண்டப மேடையின் திரையோ கருஞ்சிவப்பு. அந்தத் திரைக்கு முன்னால் அவர் தலைமுடியைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது.

வெட்டியவரைக் குறை சொல்ல முடியாது. ஐந்தரை அடி ஆளின் முழு உருவம் படத்தில் 3000 பிக்சல் உயரம் வருகிறது என்று வையுங்கள். ஒரு பிக்சலுக்குள் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான இடம் அடங்கும். தலைமுடியின் தடிமன் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆக, ஓரத்துப் பிக்சலில் கொஞ்சம் முடி, கொஞ்சம் சுவர், இரண்டும் கலந்தே பதிவாகின்றன. எந்தக் கத்தரிக்கோலாலும் ஒரு பிக்சலை இரண்டாக வெட்ட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு இருட்டை 0, முழு வெள்ளையை 100 என்று வைத்தால், சுவரின் வெளிச்சம் 90, கறுப்பு முடி 6. பாதிக்குப் பாதி கலந்த பிக்சல் 48 என்று பதிவாகும். மேடைத் திரையின் வெளிச்சம் 10. மாமா உண்மையிலேயே மேடையில் நின்றிருந்தால் அதே பிக்சல் 8 ஆகியிருக்கும். நாம் ஒட்டியதோ 48. இருக்கவேண்டியதைவிட ஆறு மடங்கு பிரகாசம்! வெள்ளைக் கோடு இதுதான். சவுதிச் சுவரில் ஒரு துளியை மாமாவோடு சேர்த்து மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

இதற்கான மருந்து 1970களின் கடைசியில் நியூயார்க் தொழில்நுட்பக் கல்லூரியில் பிறந்தது. அங்கிருந்த கணினி வரைகலை ஆய்வாளர்கள் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்துவைத்தார்கள்: இந்தப் பிக்சலில் உருவம் எவ்வளவு பங்கு? அதுதான் ஆல்பா. அந்த ஆய்வுக்குப் பணம் கொட்டியவர் கார்ட்டூன் படம் எடுக்க ஆசைப்பட்ட கல்லூரி நிறுவனர். நம்மூர் ஆய்வு நிதி விண்ணப்பத்தில் "கல்யாண ஆல்பத்தில் மாமாவைச் சேர்க்க" என்று பயன் எழுதியிருந்தால் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

```
C = αF + (1 − α)B
```

α என்பது அந்த ஆல்பா, C படத்தில் தெரியும் பிக்சல், F முடி, B பின்னணி. நம்மிடம் இருப்பது C மட்டும். ஆனால் சுவர் ஒரே நிறம், அதனால் B 90 என்று பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். முடி கறுப்பு, F 6. அப்புறம் என்ன, α = (90 − 48) ÷ (90 − 6) = 0.5. இனி 90 இருந்த இடத்தில் மேடைத் திரையின் 10ஐப் போட்டால் 8 வந்துவிடும். சுவர் கழன்றுவிட்டது! போட்டோஷாப்பில் `Decontaminate Colors` என்பதும் இந்த ஒட்டிக்கொண்ட சுவர் நிறத்தை நீக்கத்தான்.

ஆனால் மாமாவின் கிருதாவில் நரை. அங்கே F 80 இருக்கும். வகுக்கும் எண் 84இலிருந்து 10க்கு இறங்கிவிடுகிறது. படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலால் C ஐந்து பிசகினாலே α பாதி பிசகும். எந்த மென்பொருளானாலும் அந்த இடத்தில் ஊகிக்கத்தான் வேண்டும். வாசகர் படத்தில் காதோரம் கடித்துக் குதறியதுபோல இருப்பதற்குக் காரணம் இதுவே.

எனவே மாமாவிடம் இன்னொரு படம் கேளுங்கள். சுவரில் கருஞ்சிவப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மேடைத் திரையின் நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்தாலே போதும். α கொஞ்சம் தவறினாலும் 10க்குப் பதில் 12 கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நரையும் பளிச்சென்று பிரிந்து நிற்கும்.

செல்ஃபி மட்டும் வேண்டாம். கேமராவிலிருந்து மூக்கு 40 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது சுமார் 52 செ.மீ. தூரத்தில் இருக்கும், காதோடு ஒப்பிட்டால் மூக்கு இருக்கவேண்டியதைவிட முப்பது சதவீதம் பெரிதாகப் பதிவாகும். நான்கு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் மூன்று சதவீதம்தான். குடும்பப் படத்தை எடுத்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றாரோ, மாமாவை எடுப்பவரும் அவ்வளவு தள்ளி, அதே உயரத்தில் கேமராவைப் பிடிக்கட்டும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, ஓரத்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, நாம் பிரிக்கவேண்டிய பிக்சல்கள் இன்னும் குழம்பிப்போகும்.