விதிவரிசை: ‘டெசிஷன் லிஸ்ட்’ என்பதற்கு ஏன் ‘பட்டியல்’ போதாது

மளிகைப் பட்டியலில் பருப்பை முதலில் எழுதினாலும் புளியை முதலில் எழுதினாலும் வீட்டுக்கு வரும் சாமான் ஒன்றுதான். ‘டெசிஷன் லிஸ்ட்’ என்ற கணினியியல் சொல்லை ‘முடிவுப் பட்டியல்’ அல்லது ‘தீர்மானப் பட்டியல்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இதுதான். அந்தச் சொல் குறிக்கும் பொருளில் இரண்டு வரிகளை இடம் மாற்றினால் விடையே மாறிவிடக்கூடும். வரிசைதான் அங்கே பொருள். ‘பட்டியல்’ அதைச் சொல்வதில்லை.

முதலில், அது என்ன? ‘இப்படி இருந்தால் இந்த முடிவு’ என்ற வடிவில் அமைந்த விதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒரு செய்தி வந்தால் மேலிருந்து கீழே ஒவ்வொரு விதியோடும் ஒப்பிட வேண்டும். முதலில் எது பொருந்துகிறதோ அதன் முடிவே முடிவு. அதற்குக் கீழே உள்ளவற்றை யாரும் பார்ப்பதில்லை. எதுவுமே பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு விதி கடைசியில் காத்திருக்கும். நிரல் எழுதுகிறவர்கள் ‘இஃப் – எல்ஸ் இஃப் – எல்ஸ்’ என்று நாள்தோறும் எழுதுவதும் இதே அமைப்புதான். இதற்கு ‘டெசிஷன் லிஸ்ட்’ என்று பெயரிட்டு, கணினிக் கற்றல் கோட்பாட்டில் இடம்பிடித்துக் கொடுத்தவர் ரொனால்ட் ரிவெஸ்ட், ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறையின் ‘ஆர்’ இவர்தான். 1987இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, இத்தகைய வரிசைகளை எடுத்துக்காட்டுகளிலிருந்து எளிய வழியில் கற்றுக்கொள்ள முடியும் என்று நிறுவியது. கையிலுள்ள எடுத்துக்காட்டுகளில் எதற்கும் தவறான விடை தராத ஒரு விதியைக் கண்டுபிடி. அதை வரிசையில் அடுத்த இடத்தில் எழுது. அது விடை சொல்லிவிட்ட எடுத்துக்காட்டுகளை நீக்கு. மிச்சத்துக்கு மீண்டும் இதையே செய். அவ்வளவுதான் வழி. இரண்டாவது விதி, முதல் விதி விட்டுவைத்தவற்றை மட்டுமே பார்த்துப் பிறக்கிறது என்பதைக் கவனியுங்கள். முழுக் கூட்டத்தையும் அதன் முன் நிறுத்தினால் அது தடுமாறக்கூடும்.

இனி ஒரு நிஜமான சிக்கலில் இதைப் பார்ப்போம். ‘ஆறு’ என்ற சொல்லைக் கணினி படிக்கிறது. அது நதியா, எண்ணா? ‘கோபம் ஆறு’ போன்ற வினைப் பயன்பாட்டை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். சொற்களின் பொருளைப் பிரித்தறிய இந்த முறையை 1990களில் புகழ்பெறச் செய்தவர் கணினி மொழியியல் ஆய்வாளர் டேவிட் யாரோவ்ஸ்கி. 1994இல் ஸ்பானிய, பிரெஞ்சுச் சொற்களில் விடுபட்ட ஒலிக்குறிகளை மீட்கவும், அடுத்த ஆண்டு பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பிரிக்கவும் அவர் இதைப் பயன்படுத்தினார். அதே பாணியில் நம் ‘ஆறு’க்கு ஒரு வரிசை, இதில் சொற்கள் உருபேற்று வந்தாலும் பொருந்தும் என்று கொள்வோம்:

```
1. அடுத்த சொல் "மணி"             -> எண்
2. அடுத்த சொல் "நாள்", "நாட்கள்"    -> எண்
3. அருகில் "வெள்ளம்"              -> நதி
4. மற்ற எல்லாம்                   -> எண்
```

‘வெள்ளம் வடிந்து ஆறு நாட்களாகியும் மின்சாரம் வரவில்லை’ என்ற வாக்கியம் வருகிறது. இதில் இரண்டாம் விதியும் பொருந்துகிறது, மூன்றாம் விதியும் பொருந்துகிறது. இரண்டாவது முந்திக்கொள்வதால் ‘எண்’ என்ற சரியான விடை கிடைக்கிறது. இப்போது இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றுங்கள். ஒரு விதியின் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் ‘வெள்ளம்’ கண்ணில் பட்டதும் ‘நதி’ என்று தீர்ப்பாகிவிடும். வெள்ளம் வடிந்து நதி நாட்களாகியும் மின்சாரம் வரவில்லை என்றாகிவிடும்.

அப்படியானால் முதல் வரிசைதான் எப்போதும் சரியா என்றால், இல்லை. ‘வெள்ளத்தால் ஆறு நாள் முழுதும் கரைபுரண்டு ஓடியது’ என்ற வாக்கியத்தை அதனிடம் கொடுங்கள். அடுத்த சொல் ‘நாள்’ என்பதால் ‘எண்’ என்று தவறுகிறது. மாற்றிய வரிசையோ ‘நதி’ என்று சரியாகச் சொல்கிறது. ஆக, இரண்டு விதிகளும் மோதும் இடங்களில் எது அதிகம் ஏமாற்றாது என்பதுதான் கேள்வி. ‘வெள்ளத்தில் ஆறு கரையைத் தொட்டது’ போன்ற வாக்கியத்தில் அந்தக் கேள்வியே எழாது. கடைசிப் பொதுவிதியைத் தவிர்த்தால் மூன்றாம் விதி மட்டுமே பொருந்துகிறது. இந்த இரண்டு வரிசைகளில் எதுவானாலும் விடை ‘நதி’தான். முதல் இரண்டு விதிகளையும் தமக்குள் இடம் மாற்றிக்கொள்ளலாம், ஏனெனில் இரண்டும் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. ஒரே செய்திக்குப் பொருந்தி, வேறு வேறு முடிவு சொல்லும் விதிகளுக்கு இடையில்தான் வரிசை உயிர்பெறுகிறது.

யாரோவ்ஸ்கி இதற்கு விகிதத்தை வைத்துக்கொண்டார். பொருள் முன்பே குறிக்கப்பட்ட வாக்கியங்களில் ‘நாள்’ பின்தொடர்ந்த 200 இடங்களில் 199 எண்ணாகவும் 1 நதியாகவும் இருந்தது என்று கொள்வோம். ‘வெள்ளம்’ அருகில் வந்த 40 இடங்களில் 36 நதி, 4 எண். முதலாவதன் வலு 199, இரண்டாவதன் வலு 9. வலு கூடியது மேலே போகும். அவர் இந்த விகிதத்தின் மடக்கையை எடுத்து அடுக்கினார். மடக்கை எடுப்பதால் வரிசை மாறுவதில்லை. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏதோ ஒரு சொல் மூன்றே முறை வந்து, மூன்று முறையும் நதியாக இருந்தால், மூன்றைச் சுழியால் வகுக்க நேர்ந்து, அந்தச் சொற்பச் சான்று வரிசையின் உச்சியில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் எல்லா எண்ணிக்கையோடும் ஒரு சிறு எண்ணைக் கூட்டுவார்கள். 0.1 கூட்டினால் அந்தச் சொல்லின் வலு 31 ஆகிறது. ‘நாள்’ விதியின் வலு 181. மூன்று முறை பார்த்தது இருநூறு முறை பார்த்ததற்குக் கீழே இறங்கிவிடுகிறது. இந்த முறையின் குணமும் குறையும் ஒன்றேதான்: வலுவான ஒரே சான்று பேசிவிட்டால், கீழே பத்து சிறு சான்றுகள் சேர்ந்து எதிர்த்துக் கத்தினாலும் கேட்பாரில்லை.

பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை கிடைக்கிறது. ‘டெசிஷன்’ என்பதன் லத்தீன் வேருக்கு ‘வெட்டித் துண்டித்தல்’ என்று பொருள். பொருந்திய விதி கீழுள்ளவற்றை வெட்டிவிடுகிறது என்பதால் பெயர் எதிர்பாராத பொருத்தம். ‘லிஸ்ட்’ என்பது முதலில் விளிம்பு, நீளத் துண்டு என்ற பொருளில் வழங்கி, நீண்ட தாளில் எழுதிய அடுக்குக்கு ஆகிவந்தது. தமிழிலும் இதே ஓட்டம் உண்டு. துணித்தல் என்றால் வெட்டுதல். துணிதல் என்றால் முடிவுக்கு வருதல். ‘எண்ணித் துணிக கருமம்’ என்பதில் உள்ள துணிவு இதுதான். இரு மொழிகளுக்கும் உறவில்லை. மனம் மட்டும் ஒரே தடத்தில் போயிருக்கிறது. ‘துணிபு வரிசை’ என்று பெயர் வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் இன்று ‘துணிவு’ என்றால் வீரம் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள், ஆசையை அடக்கிக்கொண்டேன்.

‘முடிவு’ என்பதோ கடைசி என்றும் பொருள்படும். ‘முடிவுப் பட்டியல்’ தேர்வு முடிவுகளின் பட்டியலாகவே காதில் விழுகிறது. ‘தீர்மானம்’ கூட்டத்தில் நிறைவேற்றுவது. ‘நிரல்’ மிக நல்ல சொல். அது ஒழுங்கு முறையைக் குறிக்கும். ‘கொடி, குவளை’ என்று அடுக்கி ‘இடை, கண்’ என்று தொடர்ந்தால் கொடி இடைக்கும் குவளை கண்ணுக்கும் போவது நிரல்நிறை. பின்னடுக்கைக் ‘கண், இடை’ என்று புரட்டினால் இடை குவளைப் பூவாகிவிடும். ஆனால் கணினித் தமிழில் ‘நிரல்’ என்பதைப் ‘புரோகிராம்’ என்பதற்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிஞ்சுவது ‘வரிசை’. டிக்கெட் வாங்க நிற்கும் வரிசையில் முன்னால் நிற்பவருக்கே முதல் உரிமை என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனவே விதிவரிசை.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கணினி வலையமைப்புப் பக்கம் போனால் அது இன்னும் நன்றாக உட்காருகிறது. லினக்ஸில் `iptables` கட்டளையால் எழுதும் நெருப்புச்சுவர் விதிகள் இதே அமைப்பு. ஓர் அலுவலகத்தில் நான் பார்த்த கோளாறு இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கும்:

```
iptables -A INPUT -s 10.0.0.0/8 -j ACCEPT
iptables -A INPUT -s 10.0.5.7 -j DROP
```

உள் வலையமைப்பு முழுவதையும் அனுமதிக்கும் விதி முன்பே இருந்தது. நச்சு நிரல் புகுந்த ஒரு கணினியை மட்டும் தடுக்க இரண்டாவதை ஒருவர் சேர்த்தார். `-A` என்பது வரிசையின் கடைசியில் ஒட்டும். அந்தக் கணினியின் முகவரியும் 10 என்றுதானே தொடங்குகிறது? முதல் விதியே அதை உள்ளே விட்டுவிட்டது. தடை ஒருநாளும் செயல்படவில்லை. விதியைப் படித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ‘தடை இருக்கிறதே’ என்றார்கள். இருந்தது, ஆனால் மேலே இருந்த விதியால் மறைபட்டு இருந்தது. இப்படிப்பட்டதை ‘மறைபட்ட விதி’ என்று சொல்லலாம். விதிவரிசையில் ஒரு விதியின் உண்மையான பொருள் அதன் வரியில் இல்லை. ‘மேலே உள்ள எதுவும் பொருந்தாமல், இது பொருந்தினால்’ என்பதே ஒவ்வொரு வரியின் முழுப் பொருள். பத்தாவது விதியைப் புரிந்துகொள்ள ஒன்பதையும் படித்தாக வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி? `iptables -L INPUT -n -v --line-numbers` என்று கேட்டால் ஒவ்வொரு விதியும் எத்தனை பொதிகளைத் தொட்டது என்பதை `pkts` என்ற பத்தி காட்டும். தடை விதிக்கு நேராகச் சுழி நின்றது. சுழி மட்டும் போதாது, அந்தக் கணினி அணைந்திருந்தாலும் சுழிதான் நிற்கும். அதிலிருந்தே ஒரு பிங் அனுப்பி, மேல் விதியின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. சரிசெய்ய, கடைசியில் இருந்ததை நீக்கிவிட்டு `-I INPUT 1` என்று உச்சியில் செருகினோம். பொதுவிதிக்கு மேலே நின்றால் தனிவிதி விலக்காகிறது. கீழே நின்றால் வெறும் எழுத்தாகிறது.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் பி.எஃப். நெருப்புச்சுவரில் வழக்கம் தலைகீழ்: கடைசியாகப் பொருந்தும் விதியே வெல்லும், `quick` என்று குறித்த விதி பொருந்தினால் மட்டும் அங்கேயே நின்றுவிடும். அதுவும் விதிவரிசைதான். எனவே ரிவெஸ்ட் பெயரிட்டதை மட்டும் கறாராகச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘முதற்பொருத்த விதிவரிசை’ என்றும், பி.எஃப். வகைக்குக் ‘கடைப்பொருத்த விதிவரிசை’ என்றும் எழுதுகிறேன்.