வாசிக்கும்போது மட்டும் ஏன் தடுக்குகிறது?

சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அடுத்த மாதம் அவருடைய சித்தப்பாவுக்கு மணிவிழா. மேடையில் வாசிக்க ஒரு வாழ்த்து எழுதி, மனதுக்குள் பத்துத் தடவையாவது படித்துப் பார்த்திருக்கிறார். ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வீட்டில் அக்கா முன்னால் நின்று வாசித்தபோது இரண்டு தடவையும் ஒரே இடத்தில் தடுமாறியிருக்கிறார். இரண்டாவது தடவை சித்தப்பா என்ற சொல்லே வராமல் வாழ்த்து முடிந்துவிட்டது. "பத்துத் தடவை படித்த கண்ணுக்கு இது எப்படித் தெரியாமல் போனது?" என்று கேட்டிருந்தார்.

அவர் எழுதிய வாழ்த்து இதுதான்:

"முப்பத்தைந்து ஆண்டுகளாக ஆசிரியப் பணியாற்றி ஆயிரக்கணக்கான மாணவர்களை உருவாக்கிய, எங்கள் குடும்பத்தின் ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் முன்னின்று உதவிய, எங்கள் குடும்பத்தின் தூணாக விளங்கும் எங்கள் அன்புச் சித்தப்பா அவர்களுக்கும் அன்புச் சித்தி அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பாக இதயங்கனிந்த மணிவிழா நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறோம். அவர்கள் எல்லா நலமும் வளமும் பெற்று, நீங்கள் இருவரும் வாழ்வாங்கு வாழ வாழ்த்துகிறோம்."

மனதுக்குள் படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. ஓர் இடத்தில் சுமார் கால் நொடி நிற்கிறது, பிறகு அடுத்த தாவல். தாவும் அந்தக் கணத்தில் நமக்கு எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. எதிர்பார்க்கக்கூடிய சொற்களின் மேல் கண் நிற்காமலே தாண்டிவிடும். நாமே எழுதியது என்றால் அடுத்த சொல் எது என்பது முன்பே தெரியும், அதனால் தாண்டுவது இன்னும் சுலபம். பத்துத் தடவை படித்தும் குறை தெரியாததற்கு இதுதான் முதல் காரணம்.

திரும்பத் திரும்ப வரும் சொல் விஷயத்தில் மூளை இன்னொரு வேலையும் செய்கிறது. 1987-இல் நான்சி கான்விஷர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வாக்கியத்தின் சொற்களைத் திரையில் ஒவ்வொன்றாக, மிக வேகமாகக் காட்டினார். ஒரே சொல் சிறு இடைவெளியில் இரண்டு முறை வந்தால், பலர் இரண்டாவதைப் பார்க்கவே இல்லை. அது இல்லாவிட்டால் வாக்கியம் உடைந்துபோகும் என்ற நிலையிலும் அதை விட்டுவிட்டே திருப்பிச் சொன்னார்கள். தாளில் நம் விருப்பப்படி மெதுவாகப் படிப்பது அந்தச் சோதனை அளவுக்குக் கடுமையானதல்ல. ஆனாலும் ஒரே சொல்லின் இரண்டாம் வருகையை மூளை எவ்வளவு எளிதாக விழுங்கிவிடும் என்பது அதில் தெரிகிறது.

சரி, இது மௌனமாகப் படிக்கும்போது நடப்பது. வாய்விட்டு வாசிக்கும்போது நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வாசிக்கும்போது நம் கண்ணும் வாயும் ஒரே சொல்லில் இருப்பதில்லை. கண் எப்போதும் முன்னால் போய்க்கொண்டிருக்கும். வாய் ஒரு சொல்லைச் சொல்லும்போது கண் அதற்கு ஓரிரு சொல் தள்ளி நிற்கும். நேரக் கணக்கில் இந்த இடைவெளி அரை நொடி முதல் ஒரு நொடி வரை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கை பஸ்வெல் என்பவர் 1920-லேயே வாசிப்பவர்களின் கண் அசைவைப் படம்பிடித்து, குரலோடு ஒப்பிட்டு இதை அளந்தார். நன்றாக வாசிப்பவர்களுக்கு இந்த இடைவெளி அதிகம், தட்டுத்தடுமாறி வாசிப்பவர்களுக்குக் குறைவு என்று கண்டார். வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அட்டையால் தாளை மூடுங்கள். தாள் மறைந்த பிறகும் அவர் இரண்டு மூன்று சொற்களைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார். கண் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த கையிருப்பு அது.

மேடையில் வாசிப்பவர் சபையைப் பார்க்க நிமிர்வதும் இந்தக் கையிருப்பை நம்பித்தான். வாய் அதைச் செலவழித்துக்கொண்டிருக்கும்போதே கண் சபையைப் பார்த்துவிட்டுத் தாளுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும்போது, விட்ட இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தாளில் ஏறக்குறைய எந்தப் பகுதி என்பது நினைவில் இருக்கும். கூடவே, கடைசியாகச் சொன்ன சொற்கள் காதில் இருக்கும். அந்தச் சொற்களைத் தேடிப் பிடித்து, அதற்கு அடுத்ததிலிருந்து கண் தொடர்கிறது.

இப்போது வாசகரின் வாழ்த்தைப் பாருங்கள். "எங்கள் குடும்பத்தின்" என்ற தொடர் அதில் மூன்று இடத்தில் இருக்கிறது. அவர் "முன்னின்று உதவிய, எங்கள் குடும்பத்தின்" என்று சொல்லிக்கொண்டே அக்காவை நிமிர்ந்து பார்த்தார். குனிந்தபோது கண் தேடியது அந்தத் தொடரைத்தான். அது கண்ணில் பட்டது, ஆனால் பட்டது மூன்றாவது. அங்கிருந்து தொடர்ந்தார்: "சார்பாக இதயங்கனிந்த மணிவிழா நல்வாழ்த்துகளை..." தூணும் போனது, சித்தப்பாவும் போனார், சித்தியும் போனார். முதல் தடவை அதே இடத்தில் தடுமாறியதும் இதனால்தான். மூன்று ஒரே மாதிரி வாசல்களில் எது தன்னுடையது என்று கண் தயங்கியிருக்கிறது.

சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர்களுக்கு இந்தப் பிழை நன்கு பழக்கம். ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதியவர், எழுத ஒரு முறை குனிந்து, மறுபடி மூல ஏட்டுக்குக் கண்ணைக் கொண்டுபோகும்போது, அதே சொல் வரும் வேறொரு வரியில் போய் உட்கார்ந்துவிடுவார். நடுவில் இருந்தது விடுபட்டுப்போகும். மணிவிழா மேடையில் நடப்பதும் அதேதான்.

வாசகருக்கு நான் முதலில் எழுதியது இதைத்தான்: கூறியது கூறலை நீக்குவது அழகுக்காக மட்டும் இல்லை. தாளில் ஒவ்வொரு வரியும் வேறு சொல்லில் தொடங்கினால், திரும்பி வரும் கண்ணுக்கு வழி தப்பாது.

இன்னொரு சிக்கல் கேட்பவர்களின் பக்கம். முதல் வாக்கியத்தில் முப்பத்திரண்டு சொற்கள். சித்தப்பா வருவது இருபத்தோராவதாக. உருவாக்கிய, உதவிய, விளங்கும் என்று பெயரெச்சங்களாக அடுக்கிப் போனால், அவை யாரைச் சொல்கின்றன என்பது கடைசியில்தான் தெரியும். தமிழின் அமைப்பு அப்படி. தாளில் படிப்பவர் கண்ணை முன்னே ஓட்டிப் பார்த்துக்கொள்வார், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் 1975-இல் காட்டியபடி, காதால் கேட்டதை அப்படியே ஒலியாக நாம் பிடித்து வைத்திருப்பது ஏறக்குறைய இரண்டு நொடியில் சொல்லக்கூடிய அளவுதான். இந்த வாக்கியத்தை நிதானமாக வாசிக்க இருபது நொடிக்கு மேல் ஆகும். பெயர் வருவதற்குள் முன்னால் சொன்னதன் சாரம் மட்டுமே கேட்பவரிடம் மிஞ்சும். வாசிப்பவருக்கும் மூச்சு வேண்டும். வாக்கியம் முடியாமல் போனால் கண்ட இடத்தில் மூச்சு வாங்குவார், "அன்புச் / சித்தப்பா" என்று ஒட்டி நிற்க வேண்டியது இரண்டாகும்.

கடைசி வாக்கியத்தில் "வாழ்வாங்கு வாழ வாழ்த்துகிறோம்" அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நலமும் வளமும் இருப்பதையும் கவனியுங்கள். ல சொல்ல நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ள சொல்ல நுனி பின்னுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், காற்று பக்கங்களில் போகும். ழ-வுக்கும் வளையும், ஆனால் தொடாது. 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் மூவரும் தமிழ் பேசுபவரை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து இந்த ஒலிகளுக்கு நாக்கு எடுக்கும் வடிவங்களைப் படமாக்கி வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான மூன்று அசைவுகளை ஒரே மூச்சில் மாற்றி மாற்றிக் கேட்டால், பதற்றத்தில் இருக்கும் நாக்கு ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செய்துவிடும். அந்த ஆய்வு அமெரிக்காவில் நடந்தது என்பது எனக்கு உறுத்துகிறது. கண்ணசைவுக் கணக்குகளில் நமக்குக் கிடைப்பவையும் பெரும்பாலும் ஆங்கில வாசிப்பில் அளந்தவை. "தெரிவித்துக்கொள்கிறோம்" போன்ற நீண்ட சொல்லின் மேல் கண் எப்படித் தாவுகிறது என்று இங்கேயே அளக்க, நம் பல்கலைக்கழக மொழித் துறைகளுக்குக் கருவியும் பணமும் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

தொனியில் இரண்டு இடறல்கள். "அவர்கள்... பெற்று" என்று தொடங்கி "நீங்கள் இருவரும்" என்று அதே வாக்கியத்தில் மாறுகிறார். சபையிடம் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறோமா, சித்தப்பாவிடமே பேசுகிறோமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதாக இருந்தால் முழுக்க "நீங்கள்". அப்புறம், வயதில் சிறியவர் பெரியவரை வாழ்த்துவது நம் காதுக்கு ஒட்டாது. வணங்குவதுதான் இயல்பு.

அக்கா ஒரு திருத்தம் சொன்னாராம். மங்கல நிகழ்ச்சியில் "கெட்டது" என்ற சொல் வரக்கூடாது, தடுமாறியதும் அதனால்தான் என்று. இது பழைய நம்பிக்கை. பாடலின் முதல் சொல் மங்கலச் சொல்லாக இருக்க வேண்டும், சில எழுத்துகள் நச்செழுத்துகள் என்றெல்லாம் பாட்டியல் இலக்கணமே பேசியிருக்கிறது. ஆனால் ஒரு சொல்லுக்கு யாரையும் கெடுக்கும் சக்தி கிடையாது. அவர் தடுமாறியது அந்தச் சொல்லில் அல்ல, அதற்குப் பிறகு. கஷ்டமான நாட்களில் சித்தப்பா வந்து நின்றது உண்மை என்றால், "நல்லது கெட்டது" அப்படியே இருக்கட்டும்.

சோதிக்கும் முறை எளியது. நின்றுகொண்டு, மேடைக் குரலில், கைப்பேசியில் பதிவு செய்தபடி மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் தடுக்கினால் அது பதற்றம், பழகப் பழகப் போய்விடும். ஒரே இடத்தில் தடுக்கினால் குறை எழுத்தில் இருக்கிறது. பிறகு தாளைப் பார்க்காத ஒருவர் கேட்க வேண்டும். வாசகரின் அம்மா கேட்டுவிட்டு, "சித்தி என்ன செய்தாள் என்று ஒன்றுமே இல்லையே?" என்றாராம். தாளில் யாரும் கவனிக்காதது அது. இரண்டு மூன்று கடிதங்களுக்குப் பிறகு வாழ்த்து இப்படி ஆனது:

எல்லோருக்கும் வணக்கம்.
சித்தப்பா, முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தீர்கள்.
ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆளாக்கினீர்கள்.
நம் வீட்டு நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் வந்து நின்றீர்கள்.
உங்களைத் தேடி வந்த அத்தனை பிள்ளைகளுக்கும், சித்தி, நீங்கள்தான் சோறு போட்டீர்கள்.

இந்த மணிவிழா நாளில் இருவரையும் வணங்குகிறோம்.
நூறாண்டும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

இதைப் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று அச்செடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சித்தியின் வரிக்குப் பிறகு ஒரு வரி இடம் விட்டிருப்பது வேண்டுமென்றே. அங்கே கைதட்டல் வரும், அவரும் தாளை விட்டு நிமிர்ந்து சித்தியைப் பார்ப்பார். கண் திரும்பி வரும்போது தேட வேண்டிய சொல் "மணிவிழா". தாளில் அது வேறு எங்கும் இல்லை.