மண்ணீரலின்மை: சொல் விளக்கம்

மருத்துவக் குறிப்புகளில் ‘ஏஸ்ப்ளீனியா’ என்று காணப்படும் சொல், இல்லாமையைக் குறிக்கும் கிரேக்க முன்னொட்டும் மண்ணீரலைக் குறிக்கும் ‘ஸ்ப்ளென்’ என்னும் சொல்லும் சேர்ந்து உருவானது. மண்ணீரலின்மை என்பது அதற்கு நேரான தமிழ். பிறவியிலேயே மண்ணீரல் இல்லாதவர்களையும் அறுவையில் அதை இழந்தவர்களையும் மட்டுமன்றி, உறுப்பு இருந்தும் அது வேலை செய்யாதவர்களையும் மருத்துவம் இச்சொல்லுக்குள் அடக்குகிறது. பின்னதைச் ‘செயல்வழி மண்ணீரலின்மை’ எனப் பிரித்துச் சொல்வதே தெளிவு.

அரிவாள் செல் நோய் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் மண்ணீரலின் நுண்குழாய்களை மீண்டும் மீண்டும் அடைத்துவிடுவதால், குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே அதன் செயல் குன்றத் தொடங்கலாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படலாம்; அதை வைத்து அது நலமாக இருப்பதாக எண்ணுவது தவறு. சிவப்பணுக்களில் எஞ்சும் உட்கருத் துணுக்குகளை அகற்றுவது மண்ணீரலின் வேலைகளுள் ஒன்றாதலால், ‘ஹவல்-ஜாலி துணுக்குகள்’ எனப்படும் அவை நுண்ணோக்கியில் தென்பட்டால் அவ்வேலை நடக்கவில்லை என்று அறியலாம்.

சர்க்கரைப் பொருளாலான உறை போர்த்திய பாக்டீரியாக்களை, குறிப்பாக நிமோகாக்கஸை, இரத்தத்திலிருந்து வடித்து அழிப்பதில் மண்ணீரலுக்கு ஈடான உறுப்பு இல்லை. அதனால்தான் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் எனப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி வகை ஆகிய பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகளோடு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும் இவர்களுக்குத் தேவைப்படுகிறது.

விபத்தில் மண்ணீரல் கிழிந்து, அவசர அறுவையில் அதை இழந்த ஒருவரைக் கொள்வோம். திட்டமிட்ட அறுவையாக இருந்திருந்தால் குறைந்தது 2 வாரம் முன்பே ஊசிகளை முடித்திருக்கலாம். இவருக்கு அறுவை முடிந்து 14 நாள் கழித்துத் தொடங்குவது வழக்கம், அப்போதுதான் உடலின் எதிர்வினை நன்றாக அமையும். நிமோகாக்கஸுக்குப் புரதம் இணைத்த தடுப்பூசியை முதலில் போட வேண்டும். 23 வகைகளுக்கான பழைய தடுப்பூசியும் தேவைப்பட்டால் 8 வாரம் கழித்தே அதைப் போடுவார்கள். வரிசை மாறினால், பின்னர் போடும் இணைப்புத் தடுப்பூசியின் பலன் குறையும். ஏ, சி, டபிள்யூ, ஒய் வகை மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசியை 8 வார இடைவெளியில் இரு தவணையாகப் போட்டு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.

எல்லா ஊசியும் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்பது பாதி உண்மைதான். தடுப்பூசிகள் எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை. எனவே அரிவாள் செல் நோயுள்ள குழந்தைகளுக்கு 5 வயது வரையேனும் நாளுக்கு இருமுறை பெனிசிலின் கொடுக்கப்படுகிறது. இம்முறை கடும் நிமோகாக்கஸ் தொற்றை 84 விழுக்காடு குறைத்ததை 1986இல் வெளியான ஆய்வு காட்டியது. வயது எதுவானாலும், மண்ணீரலின்மை உள்ளவருக்கு மாலையில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், மாத்திரை போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஒரே நாளுக்குள் உயிரைப் பறிக்கக்கூடிய இரத்தத் தொற்றும் சாதாரணச் சளிக் காய்ச்சல் போலவே தொடங்குவதால், முன்பே எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் கையில் இருந்தால் அதன் முதல் அளவை எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குச் சென்று ‘எனக்கு மண்ணீரல் இல்லை’ என்பதை முதலில் சொல்ல வேண்டும்.