மேல்வேலை என்ற சொல்லுக்குள் எத்தனை மணி நேரம்?

தொழிலாளர் சட்ட ஆலோசனைக்காக என்னிடம் வரும் வீட்டுப் பணியாளர்களிடம் நான் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றியல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதைத்தான். சென்னையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மேல்வேலைன்னு பேசினோம்" என்பது. பாத்திரம் துலக்குவது, பெருக்கித் துடைப்பது என்று அதற்குப் பொதுவாக ஒரு பொருள் இருந்தாலும், அந்தச் சொல்லுக்கு எல்லை கிடையாது, நேரமும் கிடையாது. பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

அடையாளங்களைத் தவிர்த்து ஒருவருடைய நிலையைச் சொல்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், மாதம் 3,500 ரூபாய்க்கு, காலை ஏழு மணி முதல் எட்டரை வரை மேல்வேலை என்று அவர் சேர்ந்தார். மாதம் இரண்டு நாள் விடுப்பு போக 28 நாள்களுக்கு 42 மணி நேரம். அதாவது மணிக்கு ஏறத்தாழ 83 ரூபாய். சில மாதங்களில் காய்கறி நறுக்குவதும், துணி மடிப்பதும், மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொன்றும் "ஒரு அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று கேட்கப்பட்டது என்பதால், எந்த ஒரு நாளிலும் மறுப்பதற்கான காரணம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வேலை முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. மாதம் 70 மணி நேரம், அதே 3,500 ரூபாய், மணிக்கு 50 ரூபாய்.

இழப்பு அதோடு நிற்கவில்லை. எட்டே முக்காலுக்குப் போக வேண்டிய இரண்டாவது வீட்டார் ஒன்பது மணிக்கு அலுவலகம் கிளம்புபவர்கள். தொடர்ந்து தாமதமானதால் அவர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். முதல் வீட்டில் கூடுதலாக உழைத்ததற்கான விலையை இரண்டாவது வீட்டுச் சம்பளத்தை இழந்து அவர் கொடுத்தார். முதல் வீட்டாருக்கு இது தெரியவே தெரியாது.

சட்டம் இங்கே எதுவரை உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியமாக மணிக்கு 37 ரூபாய் முதல் நிர்ணயித்தது. அந்தக் கணக்கின்படி இவருக்குக் கிடைத்த 50 ரூபாய் குறைவானதல்ல; ஆகவே குறைந்தபட்ச ஊதியப் புகாராக இதை எடுத்துச் செல்வது கடினம். 2007-இல் அமைந்த வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தால் கல்வி, திருமணம், ஓய்வூதியம் போன்ற உதவிகள் கிடைக்கும். பதிவு செய்வது அவசியம். ஆனால் வேலை நேரத்தைப் பேசித் தீர்த்துக் கொடுப்பது வாரியத்தின் பணியல்ல.

அப்படியானால் அவரே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். ஜூன் மாதத்தில் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக அதே வீட்டில் 10,000 ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தார். மாதம் ஆயிரம் பிடித்தம். கடன் இருக்கும்வரை கேட்க வாய் வரவில்லை. புரட்டாசி பிறந்ததும் தீபாவளிப் பணம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீட்டில் மனக்கசப்பு ஏற்பட்டால் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போதும், அந்த வளாகத்தில் வேறு எந்த வீட்டிலும் வேலை கிடைக்காமல் போக. நகை காணோம் என்ற பேச்சு எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இந்த அச்சங்கள் எதையும் நான் மிகையென்று ஒதுக்கியதில்லை.

அவரிடம் நான் சொன்னது, பத்து நாள்களுக்கு, வேலை வீட்டுக்குள் போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் மகளிடம் சொல்லி நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது. பேச்சைக் கடன் முடியும்வரை தள்ளிப்போட்டோம். பொங்கலுக்குப் பிறகும் மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பளம் போதவில்லை என்று தொடங்கினால் அது இரக்கத்தைக் கேட்பதாக மாறிவிடும் என்பதால், நேரத்தில் தொடங்கச் சொன்னேன்: "அம்மா, எட்டரைக்குன்னு சேர்ந்தேன், இப்ப ஒன்பதரை ஆகுது. எந்த வேலைய விடட்டும், நீங்களே சொல்லுங்க."

வீட்டு அம்மா நோட்டைப் பார்த்துச் சற்று நேரம் பேசவில்லையாம். துணி மடிப்பதும் தொட்டிகளும் நின்றன. வேலை ஒன்பது மணிக்கு முடிவதாகவும் சம்பளம் 4,500 ரூபாய் என்றும் முடிவானது. 56 மணி நேரத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 80 ரூபாய், சேர்ந்த நாளின் கணக்கைவிடச் சற்றே குறைவு. இழந்த இரண்டாவது வீடு திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது முடிவான நேரமும் வேலைகளும், வீட்டு அம்மாவின் கையெழுத்திலேயே, சமையலறை நாள்காட்டியின் பின்புறம் எழுதப்பட்டிருக்கின்றன.